கூரைக்கடியில் தொங்கும் வௌவாலைக் காதால் அறிதல்

வீட்டுத் தாழ்வாரத்தின் விட்டத்திலோ, ஆள்புழக்கமற்ற மாட்டுத் தொழுவத்தின் கைமரத்திலோ தலைகீழாகத் தொங்கும் ஒரு வௌவாலைப் படமெடுத்து, இது எந்த வகை என்று கேட்பவர்கள், கேள்வியோடு கூடவே அது இவ்வளவு பெரியது, அதன் உடல் இன்ன நிறம் என்று இரண்டு செய்திகளைத் தவறாமல் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர்கள் மிகுந்த சிரத்தையோடு சொல்லும் அவ்விரண்டு செய்திகளும் வகையை நிர்ணயிப்பதற்கு மிகக் குறைவாகவே பயன்படுகின்றன. கைவிளக்கின் மஞ்சள் ஒளியில் சாம்பல் நிற மயிர் பழுப்பாகத் தோன்றும். கைப்பேசியின் பளீரென்ற ஒளியிலோ பழுப்பு மயிர் வெளுத்துவிடும். ஒரே இனத்திலேயே குட்டிக்கு ஒரு நிறமும், வளர்ந்த ஆணுக்கு வேறொரு நிறமும் உண்டு. அளவோ, பக்கத்தில் அளந்தறிந்த பொருள் ஒன்று இல்லாத படத்தில் வெறும் ஊகமே அன்றி வேறில்லை. இவற்றைவிட நம்பத்தகுந்த சாட்சியம் அப்பிராணியின் முகத்தில் இருக்கிறது. முகத்திலும் முதலில் பார்க்க வேண்டியது காதினுடைய நுனியை அன்று, அதன் அடியை.

அதற்கு முன்னால், படத்தில் இருப்பது வௌவால்தானா என்பதை ஒரு கணம் நிதானித்துத் தெளிந்துகொள்ளுதல் நலம். காய்ந்த சருகும், ஒட்டடை படிந்த குளவிக்கூடும், சுவரில் ஒட்டிய பெரிய விட்டில் பூச்சியும் மங்கிய ஒளியில் வௌவால் என்று பலமுறை கொள்ளப்பட்டிருக்கின்றன. வௌவாலாயின் உருவத்தின் உச்சியில் மரத்தைப் பற்றிய பின்னங்கால் விரல்கள் தெரியும். அவை ஐந்தும் ஏறக்குறைய ஒரே நீளமாய், கொக்கி நகங்களுடன் வரிசையாக நிற்கும். உடலின் இருமருங்கிலும் மடிந்த முன்னங்கையின் நீண்ட எலும்பு ஒரு நேர்கோடாகத் தென்படும். அதன் கீழ்க்கோடியில், மணிக்கட்டருகே, கட்டைவிரலின் நகம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கால் விரல், முன்னங்கை, கட்டைவிரல் ஆகிய மூன்றில் இரண்டேனும் புலப்பட்டால் ஐயம் தீர்ந்தது.

இனிக் காதுக்கு வருவோம். உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன; இந்தியாவில் மட்டும் 120க்கு மேல். இந்தப் பெருங்கூட்டத்தை ஒரே பார்வையில் இரண்டாகப் பிரிக்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. பழம் தின்னும் வௌவாலின் காதை முன்புறமிருந்து நோக்கினால், காதுமடலின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் அடியில் ஒன்றோடொன்று கூடி, இடைவெளியற்ற முழு வளையமாக முடிந்திருப்பதைக் காணலாம். பூச்சி முதலியவற்றை வேட்டையாடும் ஏனைய வௌவால்களிலோ இவ்வளையம் மூடுவதில்லை. உள்விளிம்பு நெற்றிப் பக்கம் தொடங்க, வெளிவிளிம்பு கன்னத்தின் பக்கமாக, சிலவற்றில் வாயின் கோடி வரையில்கூட இறங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு வாயில் திறந்தே கிடக்கும். நம்முடைய காதுத் துவாரத்தின் முன்னே, கன்னத்தை ஒட்டி, விரலால் அழுத்தினால் துவாரத்தை மூடிவிடக்கூடிய ஒரு சிறு திமில் இருக்கிறதல்லவா? அதே அவயவம் இவ்வேட்டை வௌவால்கள் பலவற்றில் நீண்டு, காதுக்குள்ளே ஒரு தனி மடலாக எழுந்து நிற்கும். இதனை இக்கட்டுரையில் முன்மடல் என்று குறிப்பிடுவோம். பழ வௌவாலுக்கு முன்மடல் கிடையாது.

இந்த வேறுபாடு தற்செயலாக அமைந்ததன்று. பழ வௌவால்கள் கண்ணாலும் மூக்காலும் உலகை அறிபவை. குகைகளிலும் கோயில்களின் இருண்ட அறைகளிலும் வாழும் ஒரு பழ வௌவால் இனம் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியால் வழி கண்டுகொள்ளும் என்பது உண்மையாயினும், அக்குடும்பத்தின் பொது இயல்பு பார்வையே. எனவே அவற்றின் கண்கள் பெரியவை, முகம் நீண்டது, மூக்கு வெறுமையானது, காது எளிய அமைப்புடையது. மற்றவையோ தொண்டையிலிருந்து நம் செவிக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் ஒலியை எழுப்பி, அது பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, இருளில் பறக்கின்றன. 1930களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி டொனால்டு கிரிஃபின் கருவிகளின் துணைகொண்டு இதைக் கண்டறிந்தார். திரும்பிவரும் எதிரொலி இடப்பக்கத்திலிருந்து வருகிறதா, வலப்பக்கத்திலிருந்து வருகிறதா என்பதை இரு காதுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டால் அறியலாம்; ஆனால் அது மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதை அறிவது எப்படி? அதற்கு உதவுவதே முன்மடல். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முன்மடலை அதன் நிலையினின்றும் வளைத்து ஒட்டிவிட்டபோது, பழுப்பு வௌவால் ஒன்று மேல் கீழ் என்னும் திசைகளைப் பிரித்தறிவதில் தடுமாறியது கண்டறியப்பட்டது. ஆகவே படத்தில் முன்மடலைக் கண்டீர்களாயின், அப்பிராணி இருளில் எதை நம்பி வாழ்கிறது என்பதையும் சேர்த்தே கண்டுகொண்டீர்கள்.

நம் நாட்டு வீடுகளின் இறவாணத்திலும் தாழ்வாரத்திலும் மிகுதியாகக் காணப்படும் பழ வௌவால், குட்டை மூக்குப் பழ வௌவால் எனப்படுவது. ஆலமரத்திலும் அரசமரத்திலும் பகல் முழுதும் கூட்டமாகத் தொங்கும் பெரிய வௌவால் வேறு. அது கூரைக்கடியில் வந்து தங்குவதில்லை. குட்டை மூக்குப் பழ வௌவாலின் காது மெல்லியது, அதன் விளிம்பைச் சுற்றி வெண்ணிறக் கரை ஓடும். மூக்குத் துவாரங்கள் இரண்டும் சற்றே குழல்போல் முன்னே நீண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். மடிந்த சிறகில் கரிய தோலின்மீது விரலெலும்புகள் வெளிர்நிறக் கோடுகளாகத் தெரியும். இவற்றோடு, கட்டைவிரலில் மட்டுமின்றி ஆட்காட்டி விரலின் நுனியிலும் ஒரு சிறு நகம் உண்டு. பூச்சி தின்னும் வௌவால்கள் எவற்றுக்கும் அந்த இரண்டாவது நகம் இல்லை. முகம் நிழலில் மறைந்துபோன படத்தில், சிறகின் ஓரத்தில் இந்நகத்தைத் தேடுவது சிறந்த உபாயம்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதனை எப்படிப் படிப்பது என்று முறையாகப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், பூர்விக ஓட்டு வீட்டின் பின்கட்டில் நெல் குதிர் இருந்த அறையில் எடுத்த படமொன்றை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். "பின்னால் கொய்யா மரம் நிற்கிறது, பழம் தின்ன வரும் வௌவாலாகத்தான் இருக்கும். ஆனால் காது இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை" என்பது அவர் எழுதியிருந்த குறிப்பு. படத்தில் கைமரத்தை இரு கால்களாலும் பற்றித் தனியாகத் தொங்கும் ஓர் உருவம். பக்கவாட்டிலிருந்து, சற்றே கீழிருந்து எடுக்கப்பட்டது. முகம் படமெடுத்தவரை நோக்கிப் பாதி திரும்பியிருந்தது.

முதலில் அளவு. கைமரத்தின் அகலத்தை அளந்து சொல்லுமாறு கேட்டேன். 8 சென்டிமீட்டர் என்று விடை வந்தது. வௌவாலின் தலை முதல் உடலின் முடிவு வரையுள்ள நீளம் அவ்வகலத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது. ஓட்டிடுக்கில் புகுந்து வாழும் சின்னஞ்சிறு வௌவால்கள் உடல் நீளத்தில் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே அவை விலக்கப்பட்டன. அளவு செய்யக்கூடிய உதவி அவ்வளவே. ஏனெனில் குட்டை மூக்குப் பழ வௌவாலும் ஏறத்தாழ இதே பருமனுடையது.

அடுத்தது காது. அது தலையைக் காட்டிலும் நீளமாக, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இருக்கும் என்று மதிப்பிடும்படி, அகன்ற முட்டைவடிவில் நின்றது. ஆனால் நீளத்தைவிட முக்கியமானது, இரண்டு காதுகளின் உள்விளிம்புகளும் நெற்றியின் மேலே ஒன்றோடொன்று சேர்ந்து, தனித்தனிக் காதுகளாக அன்றி ஒரே தோலால் தைத்தவை போல ஒட்டியிருந்தமை. பழ வௌவாலில் இது நிகழவே நிகழாது; அங்கே ஒவ்வொரு காதும் தன் வளையத்தில் தானே முடிந்துவிடும். எனவே கொய்யா மரத்தின் சாட்சியம் இவ்விடத்திலேயே தள்ளுபடியாயிற்று.

பின்னர், படத்தைப் பெரிதாக்கி, காதுக்குள்ளே பார்த்தேன். அங்கே முன்மடல் இருந்தது; அதுவும் சாதாரண முன்மடல் அன்று, இரண்டாகப் பிளந்து, முன்கிளை குட்டையாகவும் பின்கிளை நீண்டு கூர்மையாகவும் நின்றது. மூக்கின்மேல் நேர் நிமிர்ந்த ஒரு தோல்மடல் தெரிந்தது. இதற்கு மூக்கிலை என்று பெயர். அதன் பக்கங்கள் ஏறக்குறைய நேராகவும், உச்சி வெட்டிவிட்டாற்போல் மழுங்கியும் காணப்பட்டன. உடலின் மேற்புறம் சாம்பல், கீழ்ப்புறம் வெளிறிய நிறம். கால்களுக்கிடையே அகன்ற சவ்வு இருந்தது. வெளியே வால் இல்லை.

ஒட்டிய காதுகள், பிளந்த முன்மடல், நிமிர்ந்த மூக்கிலை, வாலின்மை ஆகிய இந்நான்கும் ஒருங்கே கூடியிருப்பது ஒரே குடும்பத்தில்தான். குருதி குடிப்பதாக ஒருகாலத்தில் தவறாகக் கருதப்பட்டதனால் போலிக் குருதியுண்ணி வௌவால் என்று அழைக்கப்படும் அக்குடும்பத்தில் இந்தியாவில் இரண்டு இனங்கள் உள்ளன. மழை மிகுந்த காடுகளை ஒட்டி வாழும் சிறிய இனத்தின் மூக்கிலை பக்கங்களில் புடைத்து வளைந்திருக்கும். சமவெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் பரவியுள்ள பெரிய இனத்தின் மூக்கிலைக்கே பக்கங்கள் நேரானவை. ஆகவே நண்பர் வீட்டு விருந்தாளி பெரிய இனத்தைச் சேர்ந்தது என்று துணிந்தேன். குருதி குடிக்கும் உண்மையான வௌவால்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளவை. நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை.

துணிந்த பிறகு, ஒரு சோதனை வேண்டும் என்று கருதி, அவ்வறையின் தரையில் வௌவாலுக்கு நேர் கீழே என்ன கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். பழ வௌவால் ஓரிடத்தில் தொங்கித் தின்னுமாயின், சாற்றை உறிஞ்சிக்கொண்டு துப்பிய நார்ச் சக்கைகளும், வாதுமை முதலியவற்றின் கொட்டைகளும் கீழே குவியும். சுவரிலே பழச்சாறு தெறித்த கறைகள் காணப்படும். நண்பரின் விடை வேறாக இருந்தது. விட்டில்களின் சிறகுகள், வெட்டுக்கிளியின் கால்கள், ஒரு பல்லியின் வால், அடையாளம் தெரியாத ஒரு சிறு பிராணியின் தோல் துண்டு ஆகியவற்றை அவர் பொறுக்கி வைத்துப் படமெடுத்து அனுப்பினார். பெரிய பூச்சிகளையும் தவளை, பல்லி, சுண்டெலி, சிறு பறவை ஆகியவற்றையும் பிடித்து, வழக்கமான ஒரு விட்டத்துக்குக் கொண்டுவந்து, வேண்டாத உறுப்புகளைக் கீழே உதிர்த்துத் தின்னுவது இந்த இனத்தின் சுபாவம். முகம் சொன்னதைத் தரை உறுதிப்படுத்தியது.

அந்தப் பெருங்காதுகள் ஏன் என்பதற்கும் விடை உண்டு. அவ்விடை மதுரையிலிருந்து வந்தது என்பது நமக்குப் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிமுத்துவும், ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்டு நாய்வைலரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த வௌவால் தவளையைப் பிடிப்பதற்குத் தன் எதிரொலியைவிட, தவளை குதிக்கும்போது தரையில் எழும் சலசலப்பையே பெரிதும் நம்புகிறது என்று காட்டினர். தானே எழுப்பும் ஒலியை மிகமிக மெல்லியதாக வைத்துக்கொண்டு, பிறர் எழுப்பும் ஓசைக்காகச் செவிசாய்த்துத் தொங்கும் வேட்டைப் பிராணிக்கு, அகன்ற காது இன்றியமையாத கருவியாகின்றது. அதன் கண்கள் மற்றப் பூச்சியுண்ணிகளின் கண்களைவிடப் பெரியவையாக இருப்பதும் படத்தில் தெளிவாகத் தெரியும். அதனால்தான் சிலர் அதைப் பழ வௌவால் என்று மயங்குகிறார்கள்.

மூக்கிலை உள்ள வௌவால்கள் நம் நாட்டுக் கூரைகளின் கீழ் லாட வௌவால், இலைமூக்கு வௌவால் என்னும் வேறு இரண்டு குடும்பங்களிலும் உண்டு. அவற்றைப் போலிக் குருதியுண்ணியிலிருந்து பிரிப்பதும் காதாலேயே கைகூடும்; ஏனெனில் அவ்விரண்டிலும் காதுகள் நெற்றியில் ஒட்டுவதில்லை, முன்மடலும் இல்லை. முன்மடல் இல்லாத குறையை அவை காதை அசைத்தே தீர்த்துக்கொள்கின்றன. லாட வௌவால் ஒலியெழுப்பும்போதெல்லாம் ஒரு காதை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக மாறி மாறி அசைக்கும் இயல்புடையது. ஒரு காது தெளிவாகவும் மற்றொரு காது கலங்கியும் பதிந்திருக்கும் படத்தைக் கையசைந்ததால் கெட்ட படம் என்று ஒதுக்கிவிடாமல், இவ்வியல்பை நினைவில் வைத்து நோக்க வேண்டும். இரு குடும்பங்களுக்கும் மூக்கிலையின் கீழ்ப்பகுதி குதிரை லாடத்தின் வடிவில் வளைந்திருக்கும். வேறுபாடு மேற்பகுதியில் இருக்கிறது. லாட வௌவாலில் அது ஈட்டிமுனையாகக் கூர்ந்து எழும். இலைமூக்கு வௌவாலில் ஈட்டியின்றி, குறுக்கே படுத்த ஒரு தட்டையான மடிப்பாக முடியும். முகம் சரியாகப் புலப்படாதபோது தொங்கும் தோரணையைக் கவனிக்கலாம்: லாட வௌவால் சிறகுகளால் தன் உடலை முற்றிலும் போர்த்துக்கொண்டு தொங்கும், இலைமூக்கு வௌவால் சிறகுகளைப் பக்கங்களில் மடித்து, வயிற்றைத் திறந்தே வைத்திருக்கும். பாழடைந்த மண்டபங்களிலும் பழைய கோட்டை அறைகளிலும் ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி விட்டுத் தொங்கும் சிறு வௌவால்களின் கூட்டத்தைக் கண்டால், அவை பெரும்பாலும் இலைமூக்கு வௌவால்களே.

இவ்விரு குடும்பத்தினரும் போலிக் குருதியுண்ணியும் ஒலியை மூக்கின் வழியே வெளியிடுகின்றனர். மூக்கிலை அவ்வொலியைத் திசைப்படுத்தும் கருவி. ஆகவே அவை வாயை மூடியபடியே இருக்க, முகத்தில் எந்த அணியும் இல்லாத எளிய மூக்குடைய வௌவால்கள் வாய்வழியே ஒலிக்கின்றன. வாய் பிளந்து பல் தெரியும் ஒரு வௌவாலின் படத்தைக் கண்டு, அது சீறுகிறது, கடிக்க வருகிறது என்று அஞ்சுவோர் பலர். பெரும்பாலும் அப்பிராணி தன்னைச் சூழ்ந்திருப்பதை ஒலியால் நோட்டமிடுகின்றது, அவ்வளவே.

எளிய முகத்தினரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓடுகளின் இடுக்கிலும் கைமரத்துக்கும் சுவருக்கும் இடையேயுள்ள பிளவிலும் புகுந்து கிடப்பவை பெரும்பாலும் மாலை வௌவால் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறு காது, அதில் தெளிவான முன்மடல், மயிரடர்ந்த வெறும் மூக்கு, சவ்வுக்குள் நுனிவரை அடங்கிய வால் ஆகியவை அவற்றின் லட்சணங்கள். சுவரில் வயிறு படிய, தலை கீழாக ஒட்டிக்கொண்டு, பெரிய கண்களும் எளிய மூக்குமாகத் தோன்றுவது உறைவால் வௌவாலாக இருக்கக்கூடும். அதன் வால், கால்களுக்கிடையேயுள்ள சவ்வின் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். எலியின் வாலைப் போலவே நீண்ட, சவ்வில் அடங்காத வால் தொங்குமாயின் அது எலிவால் வௌவால். இதன் காதுகளும் நெற்றியில் ஒரு தோற்பட்டையால் இணைந்திருக்கும் என்பதை மறவாதீர்கள். ஒட்டிய காது என்னும் ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு போலிக் குருதியுண்ணி என்று முடிவு கட்டியவர்கள் இதனிடம் ஏமாறுவார்கள். வாலைப் பார்த்தால் ஐயம் அகலும்.

படமே நம்மை ஏமாற்றும் வழிகளும் சில உள. அவற்றுள் முதன்மையானது, தலைகீழாகத் தொங்கும் பிராணியை நேராக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையால் படத்தையே சுழற்றி அனுப்புவது. அப்படிச் செய்தவுடன் கூரை தரையாகிவிடுகிறது. எடையால் கீழ்நோக்கித் தொங்கும் மயிரும் சவ்வும் மேல்நோக்கி விரைத்தன போலத் தோன்றுகின்றன. அந்த வௌவால் எதைப் பற்றி நிற்கிறது, எதன்மேல் படிந்திருக்கிறது என்னும் தோரணைச் சாட்சியம் முழுவதும் கெடுகின்றது. இரண்டாவது, நேர் கீழே நின்று எடுப்பது. அப்படிப்பட்ட படத்தில் காதுகள் முன்னோக்கிக் குறுகி, நீண்ட காதும் குட்டையாகத் தெரியும். மூன்றாவது, பளிச்சிடும் ஒளியின் நிழல். குட்டை மூக்குப் பழ வௌவாலின் குழல்மூக்கு, பக்கத்திலிருந்து விழும் ஒளியில் தன் பின்னே ஒரு நிழலை எறிந்து, மூக்கிலை இருப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும். அச்சமயத்தில் மூக்கை விட்டுவிட்டுக் காதின் அடிக்கே திரும்பிச் செல்ல வேண்டும். வளையம் மூடியிருந்தால் அங்கே மூக்கிலை இருக்க முடியாது. மேலும், அச்சமுற்ற வௌவால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொள்ளும். முதல் படத்தில் முயற்காதாக இருந்தது, ஐந்தாவது படத்தில் எலிக்காதாகச் சுருங்கியிருக்கும். எனவே ஒருமுறை எடுத்த அமைதியான படம், பலமுறை விரட்டி எடுத்த படங்களைவிட மேலானது.

காதும் மூக்கும் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவை குடும்பத்தை உறுதியாகச் சொல்லும். சில இனங்களை, போலிக் குருதியுண்ணியில் கண்டதுபோல, இன்னதென்றே சொல்லிவிடும். ஆனால் ஓட்டிடுக்கில் வாழும் சிறு வௌவால்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க மண்டையோட்டையும் பல்லையும் பார்த்தாக வேண்டும். தேர்ந்த கண்களையும் முகம் ஏமாற்றியதற்கு நம் மலைகளிலேயே உதாரணம் உண்டு. தேனிப் பக்கத்து மேகமலையில் 1948ஆம் ஆண்டில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தேயிலைத் தோட்டக்காரர் பிடித்த ஒரு பழ வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் குட்டை மூக்குப் பழ வௌவால் என்ற சீட்டோடு இருபதாண்டுகளுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, கீழ்த்தாடையின் முன்பற்கள் குறைந்திருப்பதையும் வால் இல்லாதிருப்பதையும் கண்டு, 1972ஆம் ஆண்டில் அது உலகில் வேறெங்கும் அறியப்படாத ஒரு தனிப் பேரினம் என்று அறிவித்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு இட்டார். வளையம் மூடிய காது அதைப் பழ வௌவால் என்று சரியாகவே சொல்லியது; அதற்கு மேல் சொல்லக்கூடிய சக்தி காதுக்கு இல்லை.

வேறொன்றையும் தெளிவுபடுத்துதல் கடமை. முகத்தை வைத்துச் செய்யும் பிரிவு அடையாளம் காண்பதற்கே அன்றி, உறவுமுறையைச் சொல்வதற்கன்று. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, லாட வௌவாலும் இலைமூக்கு வௌவாலும் போலிக் குருதியுண்ணியும் எலிவால் வௌவாலும், மாலை வௌவாலைவிடப் பழ வௌவாலுக்கே நெருங்கிய உறவினர் என்று இன்றைய விஞ்ஞானிகள் முடிவு செய்திருக்கின்றனர். காதைப் பார்த்து இரண்டாகப் பிரித்த கூட்டத்தைப் பரம்பரை வேறுவிதமாகப் பிரிக்கிறது. இதை அறிந்துகொண்டே காதைப் பார்ப்பதில் தவறில்லை.

எனவே கூரைக்கடியில் வௌவாலைக் காணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைக் கையால் தொடாதீர்கள், கோலால் கிளறாதீர்கள். வௌவாலின் கடியால் நோய் பரவக்கூடும், குட்டியைச் சுமந்திருக்கும் தாயாயின் குட்டி தவறி விழவும் கூடும். சற்று எட்ட நின்று, முகம் நேராகத் தெரியும் படமொன்றும், பக்கவாட்டிலிருந்து காதின் அடியும் வாலும் தெரியும் படமொன்றும் எடுங்கள். படத்தைச் சுழற்றாமல், நறுக்காமல் அப்படியே வையுங்கள். அது தொங்கிய மரத்தின் அகலத்தை, வௌவால் பறந்து சென்ற பிறகு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரையும் தேதியையும், பகலில் தங்கியதா இரவில் வந்து போயிற்றா என்பதையும், கீழே தரையில் பழச் சக்கை கிடந்ததா, பூச்சியின் சிறகு கிடந்ததா என்பதையும் அதனுடன் எழுதி அனுப்புங்கள்.